நூலகர் ரெஸ்யூமேயில் மூன்று வரிகள்: எண்ணும் ஆதாரமும் சேர்த்து எழுதும் முறை

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி நூலகர் தேவை என்று விளம்பரம் கொடுத்தால், வந்து சேரும் ரெஸ்யூமேக்களில் மூன்று வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "கோஹா, டூயி வகைப்பாடு, மார்க் 21 தெரியும்." "மின்நூலகத்தைப் பராமரித்தேன்." "பயனர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தினேன்." மூன்றும் பொய்யாக இருக்காது. ஆனால் பத்து ஆண்டு வேலை பார்த்தவரும் நேற்று எம்.லிப். முடித்தவரும் இதே வரிகளை எழுதிவிட முடியும். படிப்பவருக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழி கிடைக்காது.

ரெஸ்யூமேயைப் படிப்பவர் யார் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்பது தானாகத் தெளிவாகும். கல்லூரியில் முதல்வரும், உள்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளரும், சில நேரம் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு மூத்த நூலகரும் உட்கார்ந்திருப்பார்கள். நாக் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் நிரப்பிவந்த சுயமதிப்பீட்டு அறிக்கையில் 4.2 என்ற பகுதி முழுக்க நூலகத்துக்கானது. நூலகம் மென்பொருளால் தானியக்கம் ஆகியிருக்கிறதா, எந்த மின்வளங்களுக்குச் சந்தா உள்ளது, நூலுக்கும் இதழுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவு, நாளுக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அது கேட்டுவந்தது. அந்தத் தகவலைத் தேடி எடுத்துத் தரத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதான் அந்த மேசையில் இருப்பவர்களின் தேவை. மூத்த நூலகருக்கு வேறொன்றும் வேண்டும்: எழுதியதை நீங்களே செய்தீர்களா என்று தெரிய வேண்டும்.

இங்கே ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு அந்த மூன்று வரிகளையும் திருத்திப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி அருகே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 2022 ஜூன் முதல் 2025 மே வரை உதவி நூலகராக இருந்தவர், ஓசூரில் நூலகர் பணிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். ஆளும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கிடும் முறை மட்டும் எந்த நூலகத்துக்கும் பொருந்தும். பொது நூலகத் துறைப் பணிகளும் அரசுக் கல்லூரி நூலகர் பணியிடங்களும் தேர்வாணையம், தேர்வு வாரியம் வழியாக நிரப்பப்படுவதால் அங்கே படிவமும் மதிப்பெண்ணும்தான் முதலில் பேசும். ரெஸ்யூமே முழு எடையோடு நிற்பது தனியார் கல்லூரி, பள்ளி, ஓசூர்ப் பக்கத்து நிறுவனங்கள் ஆகிய இடங்களில்.

முதல் வரி: கேட்டலாக்

"கோஹா, டூயி, மார்க், பார்கோடு, ஓபேக்" என்று ஒரே வரியில் கோத்து எழுதுவதுதான் தொடக்கநிலையாளர்கள் செய்யும் முதல் தவறு. இவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல. கோஹா ஒரு மென்பொருள்; 1999-இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதத் தொடங்கப்பட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விடப்பட்டது. இன்ஃப்ளிப்நெட் தயாரித்த சோல் இன்னொரு மென்பொருள். மார்க் 21 என்பது நூலின் விவரத்தை எந்த எண்ணிட்ட கட்டத்தில், அதாவது புலத்தில், எழுதுவது என்று சொல்லும் வடிவம். கட்டத்துக்குள் எழுத வேண்டிய சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஏஏசிஆர்2, ஆர்டிஏ என்று விதிநூல்கள் உண்டு. நூலைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுப்பது டூயி தசம வகைப்பாடு. தமிழ் நாவல் 894.8113 என்ற எண்ணுக்குப் போவது அதனால்தான்.

ஆகவே ரெஸ்யூமேயில் இவற்றை வெறும் பெயர்களாக அடுக்காமல், ஒரு வேலையின் நான்கு பக்கங்களாக எழுத வேண்டும். எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில், எந்த வகைப்பாட்டை வைத்து, எத்தனை நூல்களுக்குப் பதிவு செய்தீர்கள் என்பது ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். டூயியின் 23-ஆம் பதிப்பை வைத்துச் செய்தால் 23 என்றே போடுங்கள். பல கல்லூரிகளில் இன்னும் 19 அல்லது 21-ஆம் பதிப்பின் அச்சு நூல்தான் அலமாரியில் இருக்கும். அதை வைத்துச் செய்திருந்தால் அதையே எழுதுங்கள். கணினி அறிவியல் நூல்களுக்கான எண்கள் பதிப்புக்குப் பதிப்பு விரிந்திருப்பதால், இந்தக் கேள்வி நேர்காணலில் வரக்கூடியது.

அடுத்தது எண்ணிக்கை. இங்கே இரண்டு குழப்பங்கள் வழக்கமாக நடக்கும்.

ஒன்று, தலைப்பையும் படியையும் கலப்பது. ஒரே பாடநூலை 12 படி வாங்கினால் கோஹாவில் நூல்விவரப் பதிவு ஒன்றுதான். அதன் கீழ் 12 படிகள் 952 புலத்தில் சேரும். "6,380 நூல்களைக் கேட்டலாக் செய்தேன்" என்று நம் விண்ணப்பதாரர் எழுதியிருந்தார். அது நூல் வரவுப் பதிவேடான அக்ஸஷன் ரிஜிஸ்டரில் ஏறிய படிகளின் கணக்கு. தலைப்புகள் 4,150. கேட்டலாக் உழைப்பு இருப்பது இந்த 4,150-இல். மீதி பார்கோடு ஒட்டி அக்ஸஷன் எண் ஏற்றிய வேலை. இரண்டும் வேலைதான், ஆனால் வெவ்வேறு வேலை. இரண்டு எண்ணையும் பிரித்து எழுதினாலே, எழுதியவருக்கு வேறுபாடு தெரியும் என்று மூத்த நூலகர் புரிந்துகொள்வார்.

இன்னொன்று, புதிதாக எழுதிய பதிவையும் இறக்கிக்கொண்ட பதிவையும் கலப்பது. ஆங்கிலப் பாடநூலுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால் நூலகங்கள் பதிவுகளைப் பகிரும் இசட்39.50 நெறிமுறை வழியாக அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலிருந்தோ வேறொரு நூலகத்திலிருந்தோ தயார் பதிவு வந்துவிடும். சரிபார்த்துச் சேமிப்பதுதான் மிச்சம். தமிழ் நூலுக்கு இது பெரும்பாலும் உதவாது. வெளிநாட்டு நூலகப் பதிவு கிடைத்தாலும் தலைப்பு ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிட்டால் நூலகத்தின் தேடுபக்கமான ஓபேக்கில் தமிழில் தட்டச்சு செய்து தேடும் மாணவிக்கு நூல் இல்லை என்றே வரும். நூல் அலமாரியில் இருக்கும். 245 புலத்தில் தலைப்பையும் 100 புலத்தில் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்தில் நாமேதான் எழுத வேண்டும். இதுதான் மூலப் பதிவு. நம் ஆளின் 4,150-இல் 1,270 மூலப் பதிவு, 2,880 இறக்கிய பதிவு. கணக்கிட ஒரு வழி 040 புலத்தின் a உட்புலத்தைப் பார்ப்பது. பதிவை முதலில் உருவாக்கிய நூலகத்தின் குறியீடு அங்கே இருக்கும். உங்கள் நூலகக் குறியீடு இருந்தால் மூலப் பதிவு. வேறு குறியீடு இருந்தால் இறக்கியது. தொடக்கத்திலிருந்தே அந்தப் புலத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால்தான் இது பலிக்கும்.

சரி, நீங்கள் செய்தவை எத்தனை, உங்களுக்கு முன் இருந்தவர் செய்தவை எத்தனை? கோஹாவில் CataloguingLog என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், யார் எந்தப் பதிவைச் சேர்த்தார் என்று மென்பொருள் குறித்துவைக்கும். அறிக்கைகள் பகுதியில் இந்த வினவலை எழுதி ஓட்டலாம். 57 என்ற இடத்தில் உங்கள் ஊழியர் கணக்கின் borrowernumber வர வேண்டும்.

```sql
SELECT COUNT(*) AS total
FROM action_logs
WHERE module = 'CATALOGUING'
  AND action = 'ADD'
  AND info LIKE 'biblio%'
  AND user = 57
  AND timestamp >= '2022-06-01'
  AND timestamp < '2025-06-01'
```

`info` வரியை விட்டுவிட்டால் படிகள் சேர்த்ததும் எண்ணிக்கையில் விழுந்து, எண் இரு மடங்குக்கு மேல் ஊதிவிடும். மொத்தமாகக் கோப்பிலிருந்து ஏற்றிய பதிவுகளும் உங்கள் கணக்கில் விழுந்திருக்கலாம். ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அது மொத்தமாக ஏற்றிய நாள் என்று கண்டுபிடித்துக் கழித்துவிடுங்கள். இன்னொரு சிக்கல், சேவையகத்தைப் பார்த்துக்கொள்பவர் பழைய குறிப்புகளை அவ்வப்போது அழிக்கும்படி அமைத்திருக்கலாம். அப்படியென்றால் முதல் ஆண்டு காணாமல் போயிருக்கும். அதனால் வேலையை விடும் மாதத்தில் இதைத் தேடாமல், ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் ஓட்டி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. வேலையை விட்ட பிறகு உள்ளே நுழையவும் முடியாது.

இந்தப் பகுதியில் நம் மாவட்டங்களுக்கே உரிய இரண்டு வேலைகள் ரெஸ்யூமேயில் விடுபட்டுப்போகின்றன. பழைய அக்ஸஷன் பட்டியல் பல கல்லூரிகளில் எக்செல் கோப்பில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் கோஹாவில் ஏற்ற முடியும். மாற்றும் கருவி சரியில்லையென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றுவிடும், ஏனென்றால் பழைய எழுத்துருவில் அவற்றை எழுத்துக்கு முன்பே தட்டச்சு செய்வார்கள். யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் வர வேண்டும். திரையில் சில இடங்களில் பார்க்கச் சரியாகவே தோன்றும், தேடினால் மட்டும் அகப்படாது. இதைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மாதிரிக்கு நூறு பதிவுகளைத் தேடிப் பார்த்து ஏற்றியிருந்தால் அது தனி வரிக்குத் தகுதியான வேலை. இரண்டாவது, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கு, கன்னட நூல்களும் கிருஷ்ணகிரியில் உருது நூல்களும் இருக்கும். அந்த எழுத்தில் மூலப் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் செய்திருந்தால் மொழியையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

இவ்வளவும் சேர்ந்து அந்த வரி இப்படி ஆகிறது:

"கோஹா மென்பொருளில், மார்க் 21 வடிவில், டூயி 23-ஆம் பதிப்பைப் பயன்படுத்தி 3 ஆண்டில் 4,150 தலைப்புகளுக்குப் (6,380 படிகள்) பதிவு செய்தேன், இதில் 1,270 மூலப் பதிவுகள், பெரும்பாலும் தமிழ் நூல்கள். பாமினி எழுத்துருவில் இருந்த 2,300 பழைய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றி ஓபேக்கில் தமிழில் தேடும்படி செய்தேன்."

இப்படி எழுதினால் கேள்விகளும் அதற்கேற்ப வரும். 245 புலத்தின் இரண்டாவது குறிகாட்டியில் என்ன போடுவீர்கள் என்பது அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. தலைப்பின் தொடக்கத்தில் வரிசைப்படுத்தலில் விட வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கை அது. ஆங்கிலத் தலைப்பு "தி" என்று தொடங்கினால் மூன்றெழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்த்து 4. தமிழ்த் தலைப்புக்கு 0. இதற்குப் பதில் தெரியாதவர் மூலப் பதிவு 1,270 என்று எழுதாமல் இருப்பதே நல்லது.

எந்த மென்பொருளிலும் உங்கள் பங்கை மூன்று நிலையில் ஒன்றாகச் சொல்லுங்கள்: இயக்கினேன், அமைத்தேன், பயின்றேன். அன்றாடம் நூல் கொடுத்து வாங்கிப் பதிவு ஏற்றியவர் இயக்கியவர். உபுண்டு கணினியில் கோஹாவை நிறுவி, கடன் விதிகளை எழுதி, தினசரி காப்புப் படி எடுக்கும்படி வைத்தவர் அமைத்தவர். பயிற்சிப் பட்டறையில் இரண்டு நாள் பார்த்தவர் பயின்றவர். "தேர்ச்சி" என்ற ஒரே சொல்லால் மூன்றையும் மூடுவதுதான் பிறகு நேர்காணலில் திணறவைக்கிறது.

இரண்டாவது வரி: மின்வளங்கள்

"மின்நூலகத்தைப் பராமரித்தேன்" என்ற வரியின் கீழ் பெயர்ப்பட்டியல் ஒன்று தொடரும்: என்-லிஸ்ட், டெல்நெட், தேசிய மின்னணு நூலகம், ஷோத்கங்கா. இவற்றில் ஷோத்கங்காவும் தேசிய மின்னணு நூலகமும் எவரும் திறந்து பார்க்கக்கூடியவை. அவற்றை "நிர்வகித்தேன்" என்று எழுத ஒன்றும் இல்லை, ஆய்வேடுகளை ஏற்றும் பொறுப்பு உங்களிடம் இருந்தாலொழிய. என்-லிஸ்ட் கூட்டமைப்பு வழியாக வருவது. அதில் உங்கள் வேலை, உறுப்பினர் கட்டணத்தைக் காலத்தில் கட்டுவது, மாணவர் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு உண்டாக்குவது, படிப்பு முடித்துப் போனவர்களை நீக்குவது. அதிலுள்ள ஆயிரக்கணக்கான இதழ்களை உங்கள் நூலகத்தின் சேகரிப்பாக எழுதினால் படிப்பவர் உடனே கண்டுகொள்வார்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் இப்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் நடைமுறையில் உள்ளது; 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், ஒன்றிய மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் வேலை பார்ப்பவர் "இதழ்களுக்குச் சந்தா செலுத்தினேன்" என்று பழைய ரெஸ்யூமேயை அப்படியே அனுப்பினால் காலம் பொருந்தாது. பதிவு செய்தது, கல்லூரியின் ஐ.பி. முகவரிகளைக் கொடுத்தது, பயன்பாட்டைக் கூட்டியது என்று எழுத வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவருக்கு விலை பேசுவதும் புதுப்பிப்பதும் இன்னும் அவர் தலையில்தான். அதனால் செலவைப் பற்றிய வரி அவருக்கு முக்கியம்.

நம் விண்ணப்பதாரரின் கல்லூரி வணிகவியல், மேலாண்மை இதழ்த் தொகுப்பு ஒன்றை ஆண்டுக்கு ₹3,20,000 கொடுத்து வாங்கியது. 2022-இல் அதன் பயன்பாடு 640. ஒரு கட்டுரைக்கு ₹500 விழுகிறது. 2024-இல் விலை ₹3,36,000, பயன்பாடு 1,250. கட்டுரைக்கு ஏறக்குறைய ₹269. விலை ஏறியும் ஒரு பயன்பாட்டின் செலவு பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு முதல்வருக்கு இந்த ஒரு கணக்கு பத்து வளங்களின் பெயரைவிட அதிகம் சொல்லும்.

ஆனால் 640, 1,250 என்ற எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. பதிப்பகங்கள் பயன்பாட்டைக் கவுண்டர் என்ற பொது விதிப்படி அறிக்கையாகத் தருகின்றன. நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால் `TR_J1` என்ற பெயரில் இதழ் அறிக்கை இருக்கும். அதில் `Total_Item_Requests`, `Unique_Item_Requests` என்று இரண்டு வரிசை. ஒரு மாணவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைத் திரையில் திறந்து, பிறகு அதையே பிடிஎஃப் ஆகவும் இறக்கினால் முதல் வரிசையில் 2, இரண்டாவதில் 1. முதல் வரிசையை எடுத்தால் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு தளம் கட்டுரையைத் தானாகத் திறந்துகாட்டி, இன்னொரு தளம் காட்டாமல் இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. செலவுக் கணக்குக்கு இரண்டாவது வரிசைதான் சரி. ரெஸ்யூமேயில் "தனிக் கட்டுரைப் பயன்பாடு" என்று அடையாளம் காட்டி எழுதுங்கள். இந்த அறிக்கைகள் நாட்காட்டி ஆண்டுக்கு வருவது வழக்கம்; கல்லூரிக் கணக்கு ஜூன் முதல் மே வரை. மாதவாரி எண்ணைக் கூட்டிக் கல்வியாண்டாக்கலாம், அல்லது நாட்காட்டி ஆண்டு என்றே குறிப்பிடலாம். கலந்துவிடக் கூடாது.

இன்னொரு அறிக்கை `TR_J2`. திறக்க முயன்று, சந்தா இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளின் கணக்கு. நூலகர்களில் பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. எந்த இதழ் வேண்டும் என்று மாணவர்கள் வாய்விட்டுக் கேட்காதபோது இது சொல்லிவிடும். மூன்று இதழ்களுக்கு மட்டும் இந்த மறுப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, யாரும் தொடாத மூன்றை விட்டுவிட்டு இவற்றை வாங்கப் பரிந்துரைத்திருந்தால், அந்த முடிவு ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும். அறிக்கையைப் பார்த்தவர் மட்டும் எழுதக்கூடிய வரி அது.

கல்லூரியின் சொந்தக் களஞ்சியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டிஸ்பேஸ் போன்ற மென்பொருளில் பழைய வினாத்தாள்கள், மாணவர் ஆய்வேடுகள், ஆசிரியர் கட்டுரைகள் ஏற்றியிருந்தால் எண்ணிக்கையோடு, யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் எழுதுங்கள். "5,000 மின்னூல்கள் சேகரித்து வைத்தேன்" என்ற வரி பல ரெஸ்யூமேக்களில் பெருமையோடு இருக்கிறது. அவை இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவும் பிடிஎஃப் கோப்புகளாக இருந்தால், அந்த வரி உங்களுக்கு எதிராகவே நிற்கும். பதிப்புரிமை தெரியாதவரை நூலகத்தின் பொறுப்பில் விடக் கல்லூரி தயங்குவது நியாயமே. பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, திறந்த அணுக்கத்தில் வந்தவை, பதிப்பாளரின் எழுத்துமூல அனுமதி பெற்றவை என்று பிரித்துச் சொல்ல முடியாத தொகுப்பைக் குறிப்பிடாமல் விடுங்கள்.

"வணிகவியல் இதழ்த் தொகுப்பின் புதுப்பித்தலையும் பயன்பாட்டு அறிக்கையையும் கவனித்தேன், தனிக் கட்டுரைப் பயன்பாடு 640-இலிருந்து (2022) 1,250 ஆக (2024) உயர்ந்தது, ஒரு கட்டுரைக்கான செலவு ₹500-இலிருந்து ₹269 ஆகக் குறைந்தது." இதில் "நான் உயர்த்தினேன்" என்று இல்லை, கவனித்தீர்களா? மாணவர் எண்ணிக்கை கூடியிருக்கலாம், புதிதாக ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருக்கலாம். ஏன் உயர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள். எழுத்தில் காரணத்தை உரிமை கொண்டாட வேண்டாம்.

மூன்றாவது வரி: பயனர் பயிற்சி

இங்கேதான் அதிகமான வேலை நடக்கிறது, குறைவான பதிவு இருக்கிறது. "ஆண்டுதோறும் நடத்தினேன்" என்பதற்குப் பதில் நான்கு விவரம் வேண்டும்: யாருக்கு, எவ்வளவு நேரம், ஒரு தடவைக்கு எத்தனை பேர், முடிவில் அவர்கள் என்ன செய்ய முடிந்தது.

நம் கல்லூரியின் முதலாண்டு மாணவர் 240 பேர். 2022-23-இல் அரங்கில் 120 பேராக இரண்டு கூட்டம், தலா ஒரு மணி நேரம். திரையில் காட்டினார்கள், கைதட்டல் வந்தது. அடுத்த 30 நாளில் கல்லூரிக்கு வெளியிலிருந்து மின்வளத்துக்குள் நுழைந்தவர்கள் 38 பேர். 100-க்கு 16. 2023-24-இல் மீண்டும் 240 பேர்; இந்தத் தடவை கணினி ஆய்வகத்தில் ஒரு தொகுதிக்கு 24 பேராகப் பத்துத் தொகுதிகள், தலா ஒன்றரை மணி நேரம். அவரவர் கணக்கை அங்கேயே திறந்து, கடவுச்சொல் மாற்றி, ஒரு கட்டுரையைத் தேடி இறக்கினார்கள். அடுத்த 30 நாளில் மறுபடி நுழைந்தவர்கள் 171, அதாவது 100-க்கு 71. நூலகருக்கு ஆன நேரம் 2 மணியிலிருந்து 15 மணியாகக் கூடியது. அந்த விலையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வகுப்பில் நுழைந்ததையே கணக்கில் எடுத்தால் 240-க்கு 240 வந்துவிடும். அதற்குப் பொருள் இல்லை. வகுப்பு நாளைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு தாமாக வந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும். வெளியிலிருந்து நுழையும் தளத்தின் குறிப்பில் பயனர் பெயரும் தேதியும் இருப்பதால் இது பத்து நிமிட வேலை.

ஆய்வகப் பயிற்சி தோற்கும் இடங்களும் தெரிந்தவையே. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் மாணவர்களுக்கு மாலைப் பேருந்து ஒன்றுதான் இருக்கும். வகுப்பு முடிந்த பிறகு வைத்த பயிற்சிக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். கால அட்டவணையிலேயே நேரத்தைத் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கினால் வருகை நிலைத்திருக்கும். கடவுச்சொல் மாற்ற வரும் ஓ.டி.பி. அப்பாவின் எண்ணுக்குப் போய்விடும், அவர் வயலில் இருப்பார். அதனால் முந்தைய வாரமே மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்த்துக் கணக்குகளை ஏற்றிவைக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத் தேடுசொல் தோன்றாது. அவர்களின் பாடத்திட்டத்திலிருந்தே பத்துத் தலைப்புகளையும் அவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் தேடல் நகரும். இந்த ஏற்பாடுகளில் ஒன்றிரண்டை ரெஸ்யூமேயில் ஒரு சிறு தொடராகச் சேர்த்தாலே பயிற்சியை உண்மையில் நடத்தியவர் என்று தெரிந்துவிடும்.

கூட்டுத்தொகையில் ஓர் எச்சரிக்கை. மூன்று ஆண்டில் எல்லாப் பயிற்சிகளுக்கும் வந்த கையெழுத்துகளைக் கூட்டி "1,100 பேருக்குப் பயிற்சி" என்று எழுதுவார்கள். ஒரே ஆய்வு மாணவர் தேடல் வகுப்புக்கும் மேற்கோள் மென்பொருளான ஸோடெரோ வகுப்புக்கும் வந்திருப்பார். அது ஆள் எண்ணிக்கை அல்ல, வருகை எண்ணிக்கை. "வருகை" என்றே எழுதினால் போதும்.

"முதலாண்டு மாணவர் 240 பேருக்கு, 24 பேர் கொண்ட பத்துத் தொகுதிகளாக, 90 நிமிடக் கணினி ஆய்வகப் பயிற்சியை வடிவமைத்து நடத்தினேன் (2023-24), பயிற்சிக்குப் பின் 30 நாளில் தாமாக மின்வளத்தைப் பயன்படுத்தியவர்கள் 171 பேர், முந்தைய ஆண்டின் அரங்கக் கூட்டத்துக்குப் பின் 38 பேர். தமிழ்வழி மாணவர்களுக்கு இருமொழித் தேடுசொல் தாள் தயாரித்தேன்."

தாளில் எங்கே வைப்பது

இரண்டு பக்கம் போதும். மேலே பெயர், தொடர்பு, அதற்குக் கீழே தகுதி ஒரே வரியில்: நூலக அறிவியலில் முதுகலை, மதிப்பெண் விழுக்காடு, நெட் அல்லது செட் தேர்ச்சி, முனைவர் பட்டம் இருந்தால் அது. யு.ஜி.சி. விதிப்படி கல்லூரி நூலகருக்கு 55 விழுக்காடும் நெட் போன்ற தகுதியும் கேட்கப்படுவதால் படிப்பவர் முதலில் தேடுவது இதைத்தான். இரண்டாம் பக்கத்தில் ஒளித்துவைக்க வேண்டாம். அடுத்து பணி அனுபவம். ஒவ்வொரு பணியின் கீழும் நூலகத்தின் அளவை ஒரு வரியில் சொல்லிவிட்டு (எத்தனை தலைப்பு, எத்தனை மாணவர், எத்தனை ஊழியர்), மேலே பார்த்த மூன்று வரிகளை வையுங்கள். அளவைச் சொல்லாமல் 4,150 என்று மட்டும் போட்டால் அது பெரியதா சிறியதா என்று தெரியாது. தனியார் கல்லூரிகள் ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பதால் வரிகள் அந்த மொழிக்குப் போகும். எண்களும் பிரிவுகளும் அப்படியே இருக்கட்டும். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். வேர்டு கோப்பில் தமிழ்த் தலைப்பு ஏதும் இருந்தால் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும்.

இன்னும் வேலைக்குச் சேராதவர் இந்த மூன்று வரிகளையும் சிறிய அளவில் எழுதலாம். சொந்தக் கணினியில் கோஹாவை நிறுவி, உங்கள் ஊர்க் கிளை நூலகரின் ஒப்புதலோடு 150 தமிழ் நூல்களுக்கு மூலப் பதிவு செய்து பாருங்கள். "பயிற்சிக்காக நிறுவிய கோஹாவில் 150 தமிழ் மூலப் பதிவுகள்" என்று "பயிற்சி" என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். அந்த 150-லிருந்து ஐந்து பதிவுகளை மார்க் வடிவில் அச்சிட்டு நேர்காணலுக்குக் கையோடு கொண்டுபோகலாம். வேலையில் இருப்பவர்கள் ஓர் உறையில் ஆண்டுவாரி வினவல் முடிவு, `TR_J1` அறிக்கையின் ஒரு பக்கம், பயிற்சிச் சுற்றறிக்கை, வருகைத் தாளின் நகல் ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். வருகைத் தாளில் மாணவர்களின் கைப்பேசி எண் இருந்தால் நகல் எடுக்கும் முன் மறைத்துவிடுங்கள். பயன்பாட்டு அறிக்கையை வெளியே எடுத்துச்செல்லக் கல்லூரியின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.